சேர்க்கை அறிவிப்பு வரைவு: தகுதி, கட்டணம், கடைசி தேதி, தொடர்பு. படித்துவிட்டுக் குறை சொல்லுங்கள்

வரவேற்பு_மேசை

ஒரு சிறிய பயிற்சி மையத்தில் அலுவலகப் பொறுப்பில் இருக்கிறேன். நுழைவுத் தேர்வுக்கான 20 வார வகுப்பு, ஒரு பேட்சுக்கு 40 பேர். புதிய பேட்சுக்கு அறிவிப்பு போட வேண்டும். போன முறை போட்டது இது:

> சேர்க்கை ஆரம்பம்! நுழைவுத் தேர்வுப் பயிற்சி, புதிய பேட்ச்.
> தகுதி: பள்ளி இறுதித் தேர்வு முடித்தவர்கள்.
> கட்டணம்: மிகக் குறைந்த கட்டணம். தவணை வசதி உண்டு.
> கடைசி தேதி: ஜூன் 15.
> இடங்கள் குறைவு, முந்துங்கள்! தொடர்புக்கு: (எண்)

இதைப் போட்ட பிறகு வந்த அழைப்புகளை ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். நாளெல்லாம் ஃபோன்தான், ஆனால் கேள்வி திரும்பத் திரும்ப மூன்றே: மொத்தம் எவ்வளவு, ரிசல்ட் வராதவர்கள் சேரலாமா, 15 என்றால் எதற்கு 15.

அந்த மூன்றாவது கேள்வியால் ஒருவருக்கு நஷ்டமே ஆனது. 14ஆம் தேதி இரவே இணையத்தில் விண்ணப்பத்தை நிரப்பிவிட்டு, 15ஆம் தேதி மாலை 7 மணிக்குப் பணத்தோடு ஒரு அப்பா வந்து நின்றார். அலுவலகத்தை 5 மணிக்கே பூட்டியாயிற்று. மறுநாள் காலை வந்தபோது 40 இடமும் நிரம்பியிருந்தது. “கடைசி தேதிக்குள் விண்ணப்பித்துவிட்டேனே” என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. எதற்குக் கடைசி தேதி என்று நாங்கள்தான் எழுதவில்லை.

இந்த முறை ஒழுங்காக எழுத வேண்டும். வரிக்கு வரி சொல்லுங்கள்.

சுவரொட்டி

வடிவமைப்பு வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். எதையும் கூட்டாதீர்கள். ஐந்து வரிக்கு மேல் போனால் யாரும் படிப்பதில்லை. பெரிய எழுத்தில் ஒரே படமாகப் போடுங்கள், பகிர்வதற்கும் அதுதான் வசதி. கட்டணத்தைப் போடவே வேண்டாம். “விவரங்களுக்கு அழைக்கவும்” என்றால் அழைப்பார்கள், பேசிச் சேர்த்துக்கொள்ளலாம். தொகையைப் பார்த்ததும் ஓடிவிடுகிறவர்களிடம் பேசவே வாய்ப்புக் கிடைக்காது.

இரண்டு_பிள்ளை_அம்மா

வணக்கம் சார். என் பெரியவள் இப்போதுதான் பள்ளி இறுதித் தேர்வு எழுதியிருக்கிறாள், ரிசல்ட் அடுத்த மாதம்தான் வரும். இவளைச் சேர்க்கலாமா? எண் என்று போட்டிருக்கிறீர்கள், எண்ணைக் காணோமே. கட்டணம் எவ்வளவு என்றும் சொல்லுங்கள்.

வரவேற்பு_மேசை

அம்மா, இது அறிவிப்பு அல்ல. அறிவிப்பை எப்படி எழுதுவது என்று கேட்டு நான் போட்ட வரைவு. எண்ணையும் தொகையையும் நானே எடுத்துவிட்டேன். ஆனால் நோட்டில் இருக்கும் மூன்று கேள்விகளில் இரண்டை நீங்களே கேட்டுவிட்டீர்கள், நன்றி.

பதிவேடு

சேர்க்கைப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவள் நான். அந்த அம்மா கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். “முடித்தவர்கள்” என்ற ஒரு சொல் மூன்று விதமான பிள்ளைகளைக் குறிக்கிறது: தேர்ச்சி பெற்றுச் சான்றிதழ் கையில் வைத்திருப்பவர், தேர்வு எழுதி முடிவுக்குக் காத்திருப்பவர், எழுதி ஒரு பாடத்தில் தவறி மறுதேர்வுக்குப் படிப்பவர். மூன்று பேருமே “நான் முடித்துவிட்டேன்” என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். யாரைச் சேர்ப்பீர்கள் என்று முடிவு செய்துவிட்டு அவர்கள் பெயரைச் சொல்லியே எழுதுங்கள். முடிவுக்குக் காத்திருப்பவரைச் சேர்ப்பதாக இருந்தால், மதிப்பெண் பட்டியலை எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும், தேர்ச்சி பெறாவிட்டால் கட்டிய பணம் என்ன ஆகும் என்பதும் அதே இடத்தில் வர வேண்டும்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. உங்கள் வகுப்பில் சேரத் தகுதி வேறு, அந்த நுழைவுத் தேர்வை எழுதத் தகுதி வேறு. நீங்கள் முதலாவதை மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள். நான் இருந்த இடத்தில் ஒரு பையன் சேர்ந்தான், நன்றாகப் படிக்கிறவன். இரண்டு தவணை கட்டியாயிற்று, பதினோரு வாரம் வகுப்பும் ஆயிற்று. தேர்வுக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தபோது படிவம் அவனை ஏற்கவில்லை. அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று 17 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது தேர்வு நடத்துகிறவர்களின் விதி. பையன் பிறந்தது ஜனவரி 9. ஒன்பது நாள் இடைவெளி, ஒரு வருடம் போய்விட்டது. சேர்க்கைப் படிவத்தில் பிறந்த தேதி கேட்டிருந்தோம், அவனும் எழுதித் தந்திருந்தான். அதை எதனோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதனால் வயதை எழுதும்போது “17 வயது” என்று எழுதாதீர்கள். “இந்தத் தேதியன்றோ அதற்கு முன்போ பிறந்தவர்கள்” என்று எழுதுங்கள். அம்மாவும் பிள்ளையும் கணக்குப் போட வேண்டியதில்லை, பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தால் போதும்.

வரவேற்பு_மேசை

இது எங்களிடமும் நடந்திருக்கலாம் என்று நினைக்கும்போதே சங்கடமாக இருக்கிறது. ஒரு சந்தேகம். தேர்வு விதிகள் வருடத்துக்கு வருடம் மாறுமே? நாங்கள் அறிவிப்பு போடும் நேரத்தில் இந்த ஆண்டுக்கான விதி வெளிவந்திருக்காது.

பதிவேடு

அப்படியென்றால் போன ஆண்டு விதியைப் போட்டு, அது போன ஆண்டினுடையது என்று சொல்லிவிடுங்கள். இந்த ஆண்டு விதி வந்ததும் சேர்ந்தவர்கள் எல்லோருடைய பிறந்த தேதியையும் நீங்களே ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள். நாற்பது பேர்தான், அரை மணி நேர வேலை. விதி மாறியதால் ஒருவருக்குத் தகுதி போய்விட்டால் முழுப் பணத்தையும் திருப்பித் தருவீர்களா என்பதை மட்டும் நிர்வாகத்திடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி தேதிக்கு வருகிறேன். அந்த அப்பா விஷயத்தில் ஒரே தேதிக்குள் மூன்று காரியம் ஒளிந்திருந்தது: விண்ணப்பம் வந்து சேர வேண்டிய நாள், சான்றிதழ் நகல்கள் வர வேண்டிய நாள், பணம் வர வேண்டிய நாள். இடம் எதனால் உறுதியாகிறது என்பதுதான் பெற்றோருக்குத் தெரிய வேண்டியது. உங்கள் மையத்தில் பணம் கட்டினால்தான் இடம் என்றால் அதை முதலில் சொல்லுங்கள். விண்ணப்பம் கொடுத்தவருக்கு இரண்டு மூன்று நாள் இடத்தைப் பிடித்து வைப்பீர்கள் என்றால் எத்தனை நாள் என்று சொல்லுங்கள்.

தேதியோடு நேரத்தையும் எழுதுங்கள். “15 நள்ளிரவு 12 மணி வரை” என்று மட்டும் வேண்டாம். அது 15 தொடங்கும் நள்ளிரவா முடியும் நள்ளிரவா என்று சண்டை வரும். “திங்கள், மாலை 5 மணி” என்று கிழமையோடு போட்டால் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆண்டையும் சேருங்கள். பகிரப்பட்ட அறிவிப்புக்கு ஆயுள் அதிகம், அடுத்த வருடம் ஜூன் மாதம் இதே பக்கத்தைப் பார்த்துவிட்டு யாராவது வந்து நிற்பார்கள்.

சுவரொட்டி

இவ்வளவையும் எழுதினால் அது அறிவிப்பா, ஒப்பந்தப் பத்திரமா? தெருவில் நடந்து போகிறவர் நின்று படிக்க வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள்.

பதிவேடு

நீங்கள் சொல்வதில் பாதி எனக்கும் உடன்பாடு. சுவரில் ஒட்டுவது வேறு, திரையில் படிப்பது வேறு. சுவரில் நான்கு வரி போதும். ஆனால் திரையில் படமாக மட்டும் போட்டால் பல ஃபோன்களில் எண்ணை அழுத்தி அழைக்க முடியாது, பார்த்துப் பார்த்துத் தட்ட வேண்டும். ஒரு இலக்கம் மாறினாலும் வேறு யாருக்கோ போகும். தேதியை நகலெடுப்பதும் எளிதல்ல. பார்வைக் குறைபாடு உள்ள மாணவரின் ஃபோன் அதைச் சரியாக வாசித்துக் காட்டும் என்று நம்ப முடியாது. படத்தை வைத்துக்கொள்ளுங்கள், அதற்குக் கீழே அதே விவரம் எழுத்தாகவும் இருக்கட்டும்.

கணக்கு_வழக்கு

கட்டணம் பற்றி யாரும் தொடவில்லையே. சுவரொட்டி சொல்வதற்கு நேர்மாறாகச் சொல்கிறேன். தொகையைப் பார்த்து ஓடுகிறவர் தொகையைக் கேட்டாலும் ஓடத்தான் போகிறார், இடையில் இரண்டு பேருக்கும் பத்து நிமிடம் வீண். தொகையைப் போடுங்கள். வரி, புத்தகம், மாதிரித் தேர்வு எல்லாம் சேர்ந்த மொத்தம் முதலில் வரட்டும், தவணை அதற்குப் பிறகு. “முதல் தவணை இவ்வளவுதான்” என்று பெரிதாகப் போட்டு மொத்தத்தை மறைப்பது எனக்குப் பிடிக்காது.

உங்கள் தவணையைச் சொல்லுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

வரவேற்பு_மேசை

மொத்தம் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 10 பதிவுக் கட்டணம், திரும்பக் கிடைக்காது. மீதி 90. அது முப்பது முப்பதாக மூன்று தவணை: சேரும்போது, 7ஆவது வாரம், 14ஆவது வாரம். நடுவில் நின்றால் மீதி வாரங்களுக்கு உரிய பணத்தைத் திருப்பித் தருகிறோம்.

கணக்கு_வழக்கு

அந்தக் கடைசி வாக்கியம்தான் பிரச்சினை. ஒரு பிள்ளை 5 வாரம் வந்துவிட்டு நிற்கிறது. 20இல் 15 வாரம் பாக்கி, அதாவது முக்கால் பங்கு.

முழுவதும் கட்டியவர் என்றால் 90இல் முக்கால், 67.5 திரும்பக் கிடைக்கும். இதில் யாருக்கும் குழப்பம் இல்லை.

ஒரு தவணை மட்டும் கட்டியவர் என்றால்? “கட்டியதில் முக்கால் பங்கு” என்று அவர் எடுத்துக்கொள்வார், 30இல் 22.5. நீங்களோ “5 வாரத்துக்கு ஆன செலவு 22.5, நீங்கள் கட்டியது 30, ஆகவே மீதி 7.5” என்பீர்கள். இரண்டுமே உங்கள் வாக்கியத்துக்குப் பொருந்தும். அவர் எதிர்பார்த்து வருவது 22.5, கைக்குக் கிடைப்பது 7.5.

உங்கள் கணக்குத்தான் நியாயம், ஏனென்றால் நடந்த வகுப்புக்கு மட்டும்தான் எடுக்கிறீர்கள். ஆனால் முதல் நாளே அதைச் சொல்லாவிட்டால் நியாயமான கணக்கும் ஏமாற்றாகத் தெரியும்.

பழைய_மாணவன்

எனக்கு அச்சு அசலாக இதுதான் நடந்தது. ஒரு மையத்தில் சேர்ந்தேன், பெயர் வேண்டாம். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் இடையில் நின்றேன். பணத்தைக் கேட்டதற்கு ரசீதின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்கள். பொடி எழுத்தில் ஆறு வரி இருந்தது. சேரும்போது அந்த ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்ததோடு சரி, பின்பக்கம் எழுத்து இருந்ததே எனக்குத் தெரியாது. கிடைத்த தொகை குறைவு என்பதைவிட, அதை அறிவிப்பிலேயே சொல்லியிருந்தால் என் அம்மா முன்னால் நான் அவர்களோடு சத்தம் போட்டிருக்க மாட்டேன் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

கணக்கு அண்ணா, ஒரு கேள்வி. நான் நின்றது 8ஆவது வாரம் முடிந்த பிறகு. இந்த முறைப்படி எவ்வளவு வரும்?

கணக்கு_வழக்கு

ஒரு வாரத்துக்கு 4.5. எட்டு வாரத்துக்கு 36. 7ஆவது வாரத் தவணையையும் கட்டியிருந்தால் கையில் 60, திரும்ப 24 கிடைக்கும். கட்டாமல் தள்ளிப்போட்டிருந்தால் கட்டியது 30தான், ஆகவே தம்பி நீங்கள் 6 தர வேண்டியவர் ஆகிறீர்கள்.

இதை எழுதும்போதுதான் எனக்கும் உறைக்கிறது. வரவேற்பு_மேசை, இந்த 6ஐ நீங்கள் கேட்டு வாங்குவீர்களா? வாங்குவீர்கள் என்றால் அறிவிப்பில் அது இருக்க வேண்டும். விட்டுவிடுவீர்கள் என்றால் தவணையை ஒழுங்காகக் கட்டியவருக்கு அது நியாயமா?

வரவேற்பு_மேசை

இதுவரை யாரிடமும் கேட்டதில்லை. வீட்டுச் சூழல் சரியில்லாமல் நிற்கிற பிள்ளையிடம் போய் எப்படிக் கேட்பது? நிர்வாகத்தில் பேசிப் பார்க்கிறேன், இன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியாது.

பதிவேடு

கேட்க வேண்டாம் என்பது என் கருத்து. தவணைத் தேதியைச் சற்று முன்னால் நகர்த்தினால் இந்த நிலைமையே வராது. 30 பணத்துக்கு 6 வாரமும் இன்னொரு வாரத்தில் பாதிக்கு மேலும் ஓடும். இரண்டாவது தவணையை 6ஆவது வாரத் தொடக்கத்திலும் மூன்றாவதை 12ஆவது வாரத் தொடக்கத்திலும் வாங்குங்கள். நாள் தவறாமல் வாங்கினால் யாரும் கடன்படமாட்டார்கள்.

கணக்கு_வழக்கு

ஒழுங்காகக் கட்டினால் சரி. தாமதமாகக் கட்டுகிறவர்கள் இருப்பார்களே? கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

இரண்டு_பிள்ளை_அம்மா

நான் தப்பாகப் புரிந்துகொண்டு கேட்டுவிட்டேன், பரவாயில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். எண் போட்டிருப்பார்கள், அழைத்தால் யாரும் எடுப்பதில்லை. நான் வேலைக்குப் போகிறவள், எனக்கு நேரம் கிடைப்பது இரவு 8 மணிக்கு மேல்தான். அப்போது அலுவலகம் இருக்காது. எப்போது அழைத்தால் எடுப்பீர்கள் என்று ஒரு வரி போட்டால் என்னைப் போன்றவர்கள் மதிய இடைவேளையில் அழைப்போம். செய்தி அனுப்பினால் எப்போது பதில் வரும் என்றும் தெரிய வேண்டும். இன்னொன்றும் உண்டு. பணத்தை யார் கணக்குக்கு அனுப்ப வேண்டும் என்று அழைத்துக் கேட்டால், ஒவ்வொருவர் ஒவ்வொரு எண் சொல்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

பதிவேடு

அம்மா சொன்ன கடைசி விஷயத்தை விட்டுவிடாதீர்கள். அறிவிப்பு பத்து கை மாறிப் போகும்போது எண்ணை மட்டும் மாற்றி அனுப்புகிற ஏமாற்றுக்காரர்களும் உண்டு. பணம் மையத்தின் பெயரில் உள்ள கணக்குக்கு மட்டும்தான், ரசீது இல்லாமல் எந்தத் தொகையும் தர வேண்டாம் என்று எழுதுங்கள். தொடர்புக்குத் தனிநபரின் சொந்த எண்ணைப் போடாதீர்கள். அவர் வேலையை விட்டுப் போனால் அறிவிப்பும் அவரோடு போய்விடும்.

வரவேற்பு_மேசை

இரவு உட்கார்ந்து மறுபடி எழுதினேன். தொகை இன்னும் 100 கணக்கில்தான் இருக்கிறது, வெளியிடும்போது உண்மைத் தொகை வரும். எண்ணை இங்கே மறைத்திருக்கிறேன்.

> நுழைவுத் தேர்வுப் பயிற்சி: 2026 சேர்க்கை
> வகுப்பு 22 ஜூன் 2026 முதல் 7 நவம்பர் 2026 வரை, 20 வாரம். மொத்தம் 40 இடம்.
>
> யார் சேரலாம்: பள்ளி இறுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றவர்கள், எழுதி முடிவுக்குக் காத்திருப்பவர்கள். காத்திருப்பவர்கள் முடிவு வந்த 10 நாளுக்குள் மதிப்பெண் பட்டியல் தர வேண்டும். தேர்ச்சி பெறாவிட்டால் நடந்த வாரங்களுக்கான கட்டணம் போக மீதி திருப்பித் தரப்படும். மறுதேர்வுக்குப் படிப்பவர்களை இந்த பேட்சில் சேர்ப்பதில்லை.
> போன ஆண்டுத் தேர்வு விதியை இந்த ஆண்டுக்குப் பொருத்தினால், 31 டிசம்பர் 2009 அன்றோ அதற்கு முன்போ பிறந்தவர்கள்தான் தேர்வு எழுத முடியும். பிறப்புச் சான்றிதழைப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.
>
> கட்டணம்: மொத்தம் 100. வரி, புத்தகம், மாதிரித் தேர்வு எல்லாம் இதில் அடங்கும். சேரும்போது 40 (இதில் பதிவுக் கட்டணம் 10 திரும்பக் கிடைக்காது), 6ஆவது வாரத் தொடக்கத்தில் 30, 12ஆவது வாரத் தொடக்கத்தில் 30.
> இடையில் நின்றால் பதிவுக் கட்டணம் 10, நடந்த ஒவ்வொரு வாரத்துக்கும் 4.5 கழித்து, கட்டியதில் மீதி திருப்பித் தரப்படும். எடுத்துக்காட்டு: முதல் தவணை கட்டி 5 வாரம் வந்தவருக்கு 7.5.
>
> கடைசி நாள்: விண்ணப்பமும் நகல்களும் 15 ஜூன் 2026, திங்கள், மாலை 5 மணிக்குள். விண்ணப்பித்தவருக்கு இடம் 3 நாள் பிடித்து வைக்கப்படும், அதற்குள் பணம் கட்டினால் இடம் உறுதி. 40 இடமும் நிரம்பினால் அன்றே இந்தப் பக்கத்தில் அறிவிப்போம்.
>
> தொடர்பு: அலுவலக எண் (மறைக்கப்பட்டது), திங்கள் முதல் சனி வரை, காலை 10 முதல் மாலை 5 வரை, மதிய இடைவேளையிலும் ஆள் உண்டு. செய்தி அனுப்பினால் மறுநாள் மதியத்துக்குள் பதில். பணம் மையத்தின் பெயரில் உள்ள கணக்குக்கு மட்டும். ரசீது கேட்டு வாங்குங்கள்.

பதிவேடு

நன்றாக வந்திருக்கிறது. ஒன்று மட்டும் பாருங்கள். 15ஆம் தேதி மாலை விண்ணப்பிக்கிறவருக்கு 3 நாள் என்றால் 18ஆம் தேதி மாலை 5 மணி. அதைத் தேதியாகவே எழுதிவிடுங்கள், “பணம் கட்டக் கடைசி நாள் 18 ஜூன், வியாழன், மாலை 5 மணி” என்று. அன்று 5 மணிக்கு முன்பே வங்கியில் அனுப்பியது மறுநாள் வந்து சேர்ந்தால் என்ன செய்வீர்கள்? அனுப்பிய நேரத்தைக் கணக்கில் எடுப்பீர்களா, வந்த நேரத்தையா?

வரவேற்பு_மேசை

அனுப்பிய நேரம். அனுப்பியதற்கான சான்றை 5 மணிக்குள் எங்களுக்குச் செய்தியில் அனுப்பினால் போதும். 18ஆம் தேதியோடு இதையும் சேர்த்துவிட்டேன்.

சுவரொட்டி

ஒத்துக்கொள்கிறேன், இதைத் திரையில் படிக்க முடிகிறது. சுவருக்கு நான் நான்கு வரியில் செய்து தருகிறேன்: யாருக்கு, மொத்தத் தொகை, 15 ஜூன் மாலை 5 மணி, எண். ஆனால் “40 இடம்” என்பதை எழுத வேண்டாம் என்றுதான் இன்னும் சொல்வேன். 12 பேர்தான் சேர்ந்தார்கள் என்றால் உங்களுக்கு அசிங்கம்.

பழைய_மாணவன்

எழுதட்டும் அண்ணா. ஒரு வகுப்பில் எத்தனை பேர் உட்காருவார்கள் என்று தெரிந்துதான் நான் சேருவேன். “இடங்கள் குறைவு” என்பதை நம்பித்தான் போன முறை நூற்றுப் பத்துப் பேரோடு உட்கார்ந்தேன்.

இரண்டு_பிள்ளை_அம்மா

சார், என் மகள் பிறந்தது 2009 நவம்பர். அப்படியென்றால் தேர்வு எழுதலாம், சரிதானே? அறிவிப்பு வெளிவந்ததும் அந்த எண்ணுக்கு மதியம் ஒன்றரை மணிக்கு அழைக்கிறேன்.

வரவேற்பு_மேசை

போன ஆண்டு விதி அப்படியே இருந்தால் எழுதலாம் அம்மா. இந்த ஆண்டு விதி வந்ததும் இன்னொரு தடவை பார்த்துக்கொள்வோம். ஒன்றரை மணிக்கு நான்தான் ஃபோன் பக்கத்தில் இருப்பேன். பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள்.